துவைத்த ஜெர்சி எப்போது வீசுகிறது? பவுடரை மாற்றுவதா, காயப்போடும் இடத்தை மாற்றுவதா

விளையாட்டுத் துணி துவைத்த பிறகும் வீசுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கொடியில் தொங்கும்போதே வீசும். கிட்டப் போனால் ஈரச் சாக்கு மாதிரி, நேற்றைய பாத்திரம் துடைத்த துணி மாதிரி ஒரு புளிப்பு வாடை. இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. காய்ந்து, மடித்து, அலமாரியில் இருக்கும்போது முகர்ந்தால் பவுடர் வாசம்தான் வரும். போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் வியர்த்ததும், நேற்று ஆடியதையே துவைக்காமல் மாட்டிக்கொண்டு வந்தது போல முடை நாற்றம் கிளம்பும்.

இந்த இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதல் வகைக்கு எந்த டிடர்ஜென்ட் வாங்கினாலும் தீராது. இரண்டாம் வகைக்கு மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கக் காயவைத்தாலும் தீராது. இது தெரியாமல் நான் ஒரு வருஷம் பணத்தைத் தப்பான இடத்தில் கொட்டினேன். வாரத்துக்கு ஐந்து நாள் காலையில் ஷட்டில் ஆடுகிறேன். இருப்பது சென்னையில், வடக்குப் பார்த்த பால்கனி உள்ள மூன்றாவது மாடி வீடு, போர் தண்ணீர். நவம்பரில் ஒரு நாள் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே என் ஜோடி, "சார், துவைக்கிற கூடையிலிருந்து எடுத்துப் போட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். முந்தின நாள் துவைத்த ஜெர்சி அது. அன்றைக்குத்தான் இதை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்க காலத்துல யாருக்குடா இந்தப் பிரச்சினை இருந்துச்சு? பார் சோப்பைப் போட்டு கும்மினா போச்சு." அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் கும்மியது பருத்திப் பனியனை. பருத்தி இழை தண்ணீரை உள்ளே இழுக்கும். துவைக்கும்போது சோப்பு நீரும் கூடவே உள்ளே போய் அழுக்கை எடுத்துவரும். நம் ஜெர்சியோ பாலியஸ்டர். அதற்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் ஆகும். வியர்வையின் நீர் சட்டென்று ஆவியாகிவிடும், அதனால்தான் ஆடும்போது சுகமாக இருக்கிறது. ஆனால் தோலிலிருந்து வரும் எண்ணெய்ப்பசை இழையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

2014-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேராகவே பார்த்தார்கள். உடற்பயிற்சி சைக்கிள் மிதித்த 26 பேரின் டி-ஷர்ட்டுகளை வாங்கி, ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து, முகர்ந்து பார்க்கப் பழகிய ஆட்களிடம் கொடுத்தார்கள். பாலியஸ்டர் துணிகள் பருத்தியைவிட மோசமாக வீசின. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டரில் நன்றாகப் பெருகியிருந்தது. பருத்தியில் அப்படிப் பெருகவில்லை. ஆக, ஜெர்சி வீசுகிறது என்றால் உங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை. துணியின் குணம் அது.

கொடியில் வரும் வாடைக்கு வேறொரு ஆள் பொறுப்பு. மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி காயவைப்பது ஜப்பானிலும் வழக்கம். அங்கே சரியாகக் காயாத துணியின் வாடைக்கென்றே தனிப் பெயர் உண்டு. அந்த வாடைக்கு மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். மனிதத் தோலிலும் வீட்டிலும் சாதாரணமாக இருப்பதுதான் அது. துணி ஈரமாக இருக்கும் நேரத்தில் பெருகி, ஒரு புளிப்பு அமிலத்தை வெளிவிடுகிறது. துணி காய்ந்துபோனாலும், வெயில் பட்டாலும் லேசில் சாகாது என்பதும் அதே ஆய்வில் வந்த செய்தி. அதைக் கொல்வதைவிட அது பெருக நேரம் கொடுக்காமல் இருப்பது சுலபம்.

முதலில் எது என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒரு பைசா செலவில்லை. துவைத்துக் காய்ந்த ஜெர்சியின் அக்குள் பகுதியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு மெல்லிய ஈரத்துணிக்கு மேல் ஐந்து விநாடி வையுங்கள். ஆவி எழும்போதே முகருங்கள். ஆடும்போது உடம்புச் சூடும் வியர்வையும் செய்கிற வேலையை இஸ்திரி ஒரு நொடியில் செய்துவிடும். காய்ந்தபோது வாடை இல்லாமல், ஆவியில் மட்டும் முடை நாற்றம் வந்தால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. துவைப்பதை மாற்ற வேண்டும். அக்குளில் ஒன்றுமில்லை, ஆனால் ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டை, காலரின் தடித்த தையல், சாக்ஸின் குதிகால் இவற்றில் மட்டும் புளிப்பு என்றால் காயவைப்பதில் கோளாறு. கடைசியாகக் காய்கிற இடங்கள் இவைதான்.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். காய்ந்த ஜெர்சியைச் சுத்தமான தண்ணீர் உள்ள பக்கெட்டில் போட்டு நன்றாகக் கசக்குங்கள். பவுடர் எதுவும் போடாமலே நுரை வந்தால், நீங்கள் டிடர்ஜென்ட்டை அதிகம் போடுகிறீர்கள், அல்லது மிஷின் சரியாக அலசவில்லை. அந்த மிச்சமும் இழையில் படிந்து அழுக்கைப் பிடித்துவைக்கும். பதினைந்து நிமிஷ 'க்விக் வாஷ்' போடும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். வீசுகிறதே என்று இன்னும் ஒரு மூடி ஊற்றுவோம், அது இன்னும் மோசமாகும்.

என் ஜெர்சியில் இரண்டு வகையும் இருந்தன. ஆவியில் நாற்றம், இடுப்புப் பட்டையில் புளிப்பு, பக்கெட்டில் கொஞ்சம் நுரையும்கூட. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதைப் போட்டுத் துவைப்பது

பார் சோப்பில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பலர் கேலியாகத் தள்ளிவிடுகிறார்கள். அக்குளிலும் காலரிலும் நேராகத் தேய்க்கும்போது அந்த இடத்துக்குக் கிடைக்கிற டிடர்ஜென்ட்டின் செறிவு எந்த மிஷினிலும் கிடைக்காது. ஆனால் அதை முழுத் துணிக்கும் பயன்படுத்தினால் அலசுவது பெரிய வேலை. பல டிடர்ஜென்ட் பார்களில் கட்டி நிற்பதற்காகத் தாதுப்பொடி சேர்க்கிறார்கள், அது நெருக்கமான பின்னலில் தங்கிவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் நூல் இழுபடும். பழைய பாணி நிஜ சோப்பு என்றால் போர் தண்ணீரில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது பிசுபிசுப்பான வெள்ளைத் திரையாகத் துணியில் படியும். என் முடிவு: பார் என்றால் டிடர்ஜென்ட் பார், அதுவும் அக்குளுக்கு மட்டும், கையாலேயே.

அடுத்தது பவுடரா லிக்விடா என்ற பழைய சண்டை. இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நல்ல லிக்விடில் எண்ணெய்ப்பசையை எடுக்கும் பொருட்கள் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அவற்றில் சில வகைகள் உப்புத் தண்ணீரிலும் தளராமல் வேலை செய்யும். குளிர்ந்த நீரில் முழுதாகக் கரையும், துணியில் வெள்ளைத் துகள் நிற்காது. பவுடரின் பலம் வேறு. அதில் காரத்தன்மை அதிகம், காரம் எண்ணெயைக் கழற்ற உதவும். தண்ணீரின் கடினத்தைப் பிடித்துவைக்கும் பொருட்களும் அதில் தாராளமாக இருக்கும். அப்புறம், பவுடரில்தான் ஆக்சிஜன் ப்ளீச்சைச் சேர்க்க முடியும். லிக்விடில் அது தாக்குப்பிடிக்காது, புட்டியிலேயே சிதைந்துவிடும். பாக்டீரியாவையும் பழைய வாடையையும் ஒருசேரத் தீர்க்கிற பொருள் அது என்பதால் எனக்கு இதுதான் முக்கியமாகப்பட்டது.

எதை வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். என்சைம் என்ற சொல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. புரோட்டியேஸ் வியர்வையிலும் தோல் துகளிலும் உள்ள புரதத்தை வெட்டும், லைப்பேஸ் கொழுப்பை வெட்டும். ஆனால் என்சைமுக்கு நேரம் வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் அதன் வேலை முடியாது. என்சைம் உள்ள பவுடரை வாங்கி க்விக் வாஷில் போடுவது, மாவை அரைத்த கையோடு புளிக்கவிடாமல் இட்லி ஊற்றுவது போல. ஊறவைக்கிற ஆளுக்குத்தான் என்சைமால் லாபம்.

ஸ்போர்ட்ஸ் என்று எழுதி வரும் விசேஷ லிக்விட்கள் சாதாரண லிக்விடைவிடக் கணிசமாக விலை அதிகம். நான் இரண்டு வாங்கிப் பார்த்தேன். புதுத் துணியில் நன்றாக இருந்தன. ஆனால் ஒரு வருஷ எண்ணெய் ஏறிய ஜெர்சியில் பத்து நாள் கழித்து ஆவி சோதனை செய்தால் அதே நாற்றம், மேலே கொஞ்சம் எலுமிச்சை வாசம். பழைய படிவை ஒருமுறை எடுத்துவிட்ட பிறகு இவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த நிலைக்கு வந்தபின் சாதாரண என்சைம் பவுடரே போதும் என்பதால், நான் மூன்றாவது புட்டி வாங்கவில்லை.

கடைசி அலசலில் ஊற்றும் கிருமிநாசினி பற்றி ஒரு வார்த்தை. இவற்றில் பல பென்சால்கோனியம் குளோரைடு வகை. பாக்டீரியாவைக் குறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் டிடர்ஜென்ட்டோடு சேர்த்து ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று முடக்கிவிடும்; அலசல் நீரில் தனியாகத்தான் போட வேண்டும். முக்கியமாக, அது எண்ணெயை எடுப்பதில்லை. விருந்தாளியைத் துரத்திவிட்டு விருந்தை மேசையிலேயே விட்டுவைத்தால் அடுத்த ஆட்டத்துக்குப் புது விருந்தாளி வருவார். மழைக்காலத்தில், துணி காய நேரமாகும் என்று தெரிந்த நாளில் மட்டும் பயன்படுத்தலாம்.

வினிகரும் சமையல் சோடாவும் எல்லோரும் சொல்லும் வைத்தியம். வினிகர் அமிலம், அலசல் நீரில் கொஞ்சம் ஊற்றினால் உப்புப் படிவையும் காரமான சோப்பு மிச்சத்தையும் கரைக்கும். போர் தண்ணீர் வீட்டில் அதனால் துணி மென்மையாவது உண்மை. ஆனால் எண்ணெயை எடுக்காது, தினமும் ஊற்றினால் மிஷினின் ரப்பர் வளையத்துக்கும் நல்லதல்ல. சமையல் சோடா வாடையைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான், காரம் மிகக் குறைவு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். அது நம் வீட்டில் ஏற்கெனவே வருகிறது.

ஃபேப்ரிக் கண்டிஷனரை விளையாட்டுத் துணிக்கு வேண்டவே வேண்டாம். அது துணியின் மேல் மெழுகு போல ஒரு பூச்சைப் போட்டுத்தான் மென்மை கொடுக்கிறது. வியர்வையை வெளியே இழுக்கும் குணம் மட்டுப்படும், எண்ணெய் இன்னும் உறுதியாக ஒட்டும், டிடர்ஜென்ட் உள்ளே போகத் தடையாகும். வீசுகிறதே என்று வாசனைக்காக நான் ஊற்றியது இதைத்தான். ஒரு வருஷத் தப்பில் பெரிய பங்கு இதற்குத்தான். குளோரின் ப்ளீச்சையும் தொடாதீர்கள். இழுபடும் துணியில் இருக்கும் எலாஸ்டேன் இழையை அது அரித்துவிடும், வெள்ளை ஜெர்சி மஞ்சளாகும்.

ஒருமுறை அடிப்படையிலிருந்து எடுப்பது

எனக்கு வேலை செய்தது சோடியம் பெர்கார்பனேட். கறை நீக்கும் ஆக்சிஜன் பவுடர்கள் பலவற்றில் முக்கியச் சரக்கு இதுதான், தனியாகவும் கிடைக்கிறது. தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரியும். முன்னது பாக்டீரியாவையும் வாடையையும் பார்த்துக்கொள்ளும், பின்னது எண்ணெயைத் தளர்த்தும். ஒரே நிபந்தனை, வெந்நீர் வேண்டும். குழாய் நீரில் அது சோம்பேறி. நாற்பது டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பு வரும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. குழாய் நீர் சென்னையில் பெரும்பாலும் முப்பது டிகிரி பக்கம் இருக்கும். நான்கு லிட்டர் குழாய் நீரில் ஒரு லிட்டர் கொதிக்கும் நீரை ஊற்றினால் ஏறக்குறைய 44 டிகிரி வரும். கை வைத்தால் நல்ல சூடு, ஆனால் எடுக்கத் தோன்றாது. முதலில் தண்ணீரைக் கலந்து சூட்டைச் சரிபார்த்துவிட்டு, பிறகு ஒரு மேசைக்கரண்டி பெர்கார்பனேட்டும் அதே அளவு என்சைம் பவுடரும் போட்டுக் கரைத்தேன். இரண்டு ஜெர்சி, இரண்டு ஷார்ட்ஸ், எல்லாம் உட்புறம் வெளியே. அக்குளில் மட்டும் முன்கூட்டியே பாரால் கையால் தேய்த்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஊறியது. நடுவில் இரண்டு தடவை கம்பால் புரட்டினேன்.

பக்கெட் நீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. துவைத்த துணிதான் அது, முதல் நாள் மிஷினில் போட்டு எடுத்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் அவ்வளவு ஆர்வம் இல்லை.

அதற்குப் பிறகு மிஷினில் 40 டிகிரியில் ஒரு மணி நேர ஓட்டம், பவுடர் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி, ஏனென்றால் ஏற்கெனவே ஊறியதில் இருக்கிறது. கூடுதல் அலசல் ஒன்று. கண்டிஷனர் கிடையாது. மறுநாள் ஆவி சோதனையில் இரண்டு ஷார்ட்ஸும் ஒரு ஜெர்சியும் தேறின. இன்னொரு ஜெர்சி தேறவில்லை, அதை மறுபடி ஊறவைக்க வேண்டியிருந்தது.

சில எச்சரிக்கைகள். பெர்கார்பனேட் கரைசலை மூடிய பாட்டிலில் எடுத்துவைக்காதீர்கள், ஆக்சிஜன் வெளிவந்து அழுத்தம் ஏறி வெடிக்கும். கரைத்ததை அன்றே பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும். கையுறை போடுங்கள், காரம் தோலை உரிக்கும். கம்பளியும் பட்டும் இதில் போகக் கூடாது. அடர்ந்த நிறம் என்றால் உட்புறத் தையலில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். முதுகில் ஒட்டிய பெயர், நம்பர் உள்ள ஜெர்சியை இன்னும் சூடான நீரில் போடத் தோன்றும், வேண்டாம், பிரிண்ட் உரியும். எலாஸ்டேனும் அடிக்கடி அறுபது டிகிரி பார்த்தால் தொய்ந்துபோகும்.

இதை மாதம் ஒருமுறை செய்தால் போதும். தினசரிக்குச் செலவே இல்லாத ஒரு பழக்கம் போதுமானது: ஆடிவிட்டு வந்து குளிக்கும்போதே ஜெர்சியைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பிழிந்து தொங்கவிடுவது. வியர்வை புதிதாக இருக்கும்போது தண்ணீரிலேயே பெரும்பகுதி போய்விடும். அதே துணி ஜிம் பையின் ஜிப்புக்குள் மாலைவரை சுருண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று கென்ட் ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்.

காயப்போடும் இடம்

இங்கேதான் என் கருத்து மாறியது. வெயில்தான் எல்லாம் என்று நினைத்திருந்தேன். வடக்குப் பால்கனிக்காரனின் ஏக்கம் அது. உண்மையில் துணி எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்பவை இரண்டு: கொடிக்குப் போகும்போது எவ்வளவு தண்ணீர் இருந்தது, அப்புறம் எவ்வளவு காற்று ஓடியது.

முதலாவதைச் சமையலறைத் தராசில் வைத்தே பார்த்தேன். காய்ந்த ஜெர்சி 140 கிராம். கையால் என்னால் முடிந்தவரை பிழிந்தபோது 270 கிராம். மிஷினில் 800 ஆர்பிஎம் சுற்றியபோது 185. கையால் பிழிந்ததை உலர்ந்த துவாலையில் பாய் மாதிரி சுருட்டி, மேலே ஏறி மிதித்து எடுத்தபோது 210. அதாவது கைப்பிழிவில் 130 கிராம் தண்ணீரைக் காற்றிடம் கொடுக்கிறோம், மிஷின் சுற்றலில் 45 மட்டும். கையால் துவைக்கிறவர்கள் துவாலையில் சுருட்டினாலே ஈரம் பாதிக்குக் கிட்டக் குறைகிறது. சுற்றலை மட்டும் தனியாக ஓட்டும் வசதி பல மிஷின்களில் உண்டு. மழைக்காலத்தில் இரண்டாவது தடவை ஓட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

இனி இடம். மொட்டை மாடி வெயில் இருந்தால் அதை மறுக்க முடியாது, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் உச்சி வெயிலில் நாள் முழுக்க விட்டால் நிறம் மங்கும், எலாஸ்டேன் நொறுங்கும். உட்புறம் வெளியே திருப்பிப் போட்டு, காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். அடைமழையில் அந்தப் பேச்சே இல்லை. பால்கனியில் கூட ஈரக்காற்றுதான். ராத்திரியில் ஈரப்பதம் இன்னும் கூடும், அதனால் இரவு துவைத்துக் காலையில் எடுக்கும் வழக்கம் மழைக்காலத்துக்கு ஆகாது. விடியும்வரை ஈரமாகவே தொங்கும்.

வீட்டுக்குள் ஸ்டாண்டில் போட்டு ஜன்னலை மூடிவிடுவது எல்லாவற்றிலும் மோசம். துணியிலிருந்து போன ஈரம் அறையிலேயே நின்று துணிக்கே திரும்பி வருகிறது. அதே ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மேசை ஃபேனை வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் கதை மாறுகிறது. நவம்பரில் ஒரே நாளில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். கையால் பிழிந்து, ஃபேன் இல்லாமல் காலை எட்டு மணிக்குப் போட்ட ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டை இரவு ஒன்பதுக்கும் ஈரம், புளிப்பும் வந்தாயிற்று. மிஷினில் சுற்றி, ஃபேன் முன்னால் போட்டதில் ஜெர்சி இரண்டரை மணி நேரத்திலும், ஷார்ட்ஸ் நான்கு மணி நேரத்திலும் காய்ந்தன. இரண்டும் ஒரே பவுடரில் துவைத்தவை. ஏசி ஓடும் அறை என்றால் இன்னும் வேகம், ஏசி காற்றின் ஈரத்தைத் தானே இழுத்து வெளியேற்றுகிறது. ஆனால் துணிக்காக மட்டும் ஏசி போடுவது எனக்கு மனசு வரவில்லை. டிரையர் வைத்திருப்பவர்கள் குறைந்த சூட்டில் போடலாம். அதிகச் சூடு எலாஸ்டேனுக்கு எதிரி.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தால் ஏமாற்றும், ஏனென்றால் பாலியஸ்டர் ஈரமாக இருக்கும்போதே காய்ந்தது போலத் தெரியும். தடித்த தையலை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் இன்னும் நீர் இருக்கிறது. ஷார்ட்ஸைத் தொங்கவிடும்போது இடுப்பை மடித்துக் கிளிப் போடாமல், நான்கு கிளிப்பில் வாய் திறந்த பை போல விரித்துப் போட்டால் பட்டைக்கு இரண்டு பக்கமும் காற்று கிடைக்கும். இரண்டு துணிக்கு நடுவே ஒரு கை அகலம் விடுங்கள்.

மிஷினையும் மறக்கக் கூடாது. ஓடி முடிந்த பிறகு துணி உள்ளேயே இரண்டு மணி நேரம் கிடந்தால், அந்த நேரமும் ஈர நேரக் கணக்கில் சேரும். முன்பக்கக் கதவு மிஷினில் ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். கருப்புப் பிசுக்கு இருந்தால் எவ்வளவு நல்ல பவுடரும் அந்த வாடையைத்தான் துணிக்குக் கொடுக்கும். துடைத்துவிட்டு, துணி இல்லாமல் வெந்நீரில் ஒரு ஓட்டம் ஓட்டி, வேலை முடிந்த பின் கதவைத் திறந்தே வைக்க வேண்டும்.

ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்று என்னிடம் கேட்டால், உங்கள் சோதனை என்ன சொன்னது என்று திருப்பிக் கேட்பேன். கொடியில் புளிப்பு என்றால் மேசை ஃபேன், அநேகமாக வீட்டில் ஏற்கெனவே இருக்கும். ஆவியில் முடை நாற்றம் என்றால் ஒரு பாக்கெட் பெர்கார்பனேட், அப்புறம் இப்போது வாங்கும் விலையிலேயே என்சைம் உள்ள பவுடர். இரண்டும் என்றால் முதலில் ஊறவைப்பது, ஏனென்றால் எண்ணெய் நிறைந்த துணியை எவ்வளவு வேகமாகக் காயவைத்தாலும் ஆடுகளத்தில் மாட்டிக்கொள்வோம். கண்டிஷனருக்குப் போன காசு மிச்சமாவதால் பெரும்பாலும் கணக்கு சரியாகிவிடும்.

தேறாத அந்த ஒரு ஜெர்சியை மூன்று தடவை ஊறவைத்தேன். நாலு வருஷப் பழசு, அக்குளில் துணி பிளாஸ்டிக் தாள் மாதிரி விறைத்துப்போயிருந்தது. ஆவியில் இன்னும் லேசாக வருகிறது. இப்போது அது என் பைக்கைத் துடைக்கிறது. அங்கே அது வீசினாலும் யாரும் கேட்பதில்லை.